மீட்டர் டிவைஸ் மாட்டிட்டா அம்மா அடுப்பை மறந்தாலும் பரவால்லையா?

ராஜி_கும்பகோணம்: அம்மாவுக்கு 78, தனியா இருக்காங்க. பருப்பு வெச்சுட்டு மறந்து போய் பாத்திரமே கருகிடுச்சு. ரெகுலேட்டர் மேல மாட்டற, மீட்டர் முள்ளு வெச்ச சேஃப்டி டிவைஸ் வாங்கி மாட்டிட்டேன், தானா கட் ஆயிடும். இனி கவலை இல்ல.

அடுப்பு_மெக்கானிக்: யாருங்க சொன்னது கவலை இல்லன்னு? ட்யூப் பிச்சுக்கிட்டு கேஸ் குபுகுபுன்னு போனாத்தான் அது கட் பண்ணும். பருப்பு கருகறப்ப பர்னர்ல போறது தினமும் போற அதே அளவு கேஸ், அதுக்கு என்ன தெரியும்? யாராவது வந்து நிறுத்தணும், இல்ல சிலிண்டர் தீரணும்.

கோவை_செந்தில்: சும்மா பயமுறுத்தாதீங்க சார். நான் டெமோவே பாத்தேன், ட்யூபை உருவினதும் டக்குனு நின்னுச்சு.

அடுப்பு_மெக்கானிக்: உருவினா நிக்கும்யா. அந்தம்மா ட்யூபை உருவிட்டா மறக்கறாங்க?

வனஜா_மாமி: எங்காத்து புது அடுப்புல பால் பொங்கி தீ அணைஞ்சா தானா கேஸ் நின்னுடறது. அதை வாங்கிக்கோ ராஜி.

அடுப்பு_மெக்கானிக்: மாமி, அது நல்ல அடுப்புதான். பர்னர் பக்கத்துல சின்ன கம்பி ஒண்ணு நீட்டிட்டு இருக்கும், தீ போய் அது ஆறினதும் வால்வ் மூடிக்கும். ஆனா இங்க தீ அணையவே இல்லையே, நல்லா எரிஞ்சுக்கிட்டுதானே இருக்கு! மறதிக்குன்னா டைமர் வால்வ்தான். அரை மணிக்கு முறுக்கினா அரை மணியில கேஸ் நிக்கும், முறுக்காட்டி கேஸே வராது.

கோவை_செந்தில்: அப்பாடா, அதுவும் கட் பண்ற டிவைஸ்தானே. நானும் அதைத்தானே சொன்னேன்.

அடுப்பு_மெக்கானிக்: நீங்க சொன்னது மீட்டர் முள்ளு. ராஜி, டைமர்லயும் ஒரு வம்பு இருக்கு. நேரம் முடிஞ்சு தீ அணைஞ்சாலும் அடுப்பு நாப் திறந்தேதான் இருக்கும், அம்மா அதை மூடாம சாயங்காலம் வந்து டைமரை முறுக்கினா பத்த வைக்காமலே கேஸ் வரும். வயசானவங்களுக்கு வாசனையும் சரியா தெரியாது. அதனால டைமரோட மாமி சொன்ன அடுப்பும் வேணும், தீ இல்லன்னா அது கேஸை விடாது. சில மாடல்ல டைமரே ஓடாம எப்பவும் திறந்து வெச்சுக்கற பொசிஷன் ஒண்ணு இருக்கு, அது இல்லாததா பாத்து வாங்குங்க.

நெல்லை_குமார்: இத்தனை டைமர் எதுக்கு, அம்மாவை கூட்டிட்டு வந்து வெச்சுக்க வேண்டியதுதானே?

ராஜி_கும்பகோணம்: அம்மா வர மாட்டேங்கறாங்க குமார். உங்க அம்மா எங்க இருக்காங்கன்னு நான் கேட்டேனா?

வனஜா_மாமி: இண்டக்‌ஷன் குடுத்துடேன், டைமரும் இருக்கு, தீயே இல்ல.

அடுப்பு_மெக்கானிக்: அலுமினியப் பாத்திரம் அதுல சூடாகாது மாமி, எல்லாத்தையும் மாத்தணும். அதைவிட, 78 வயசுல மறதியும் சேர்ந்திருக்கறப்ப புதுசா பட்டன் பழகுவாங்களா?

வனஜா_மாமி: எனக்கு 74. நான் பழகலையா?

கோவை_செந்தில்: அதானே! மெக்கானிக் சாருக்கு கேஸ் அடுப்பு வித்தாத்தான் பொழப்பு.

அடுப்பு_மெக்கானிக்: நான் விக்கறதில்ல, ரிப்பேர்தான். செந்தில், மீட்டர் மாட்டின அடுப்புல நாலு டம்ளர் தண்ணி வெச்சு பக்கத்துலயே உக்காருங்க. தண்ணி வத்தறதுக்குள்ள உங்க டிவைஸ் தானா நிறுத்துதா பாத்துட்டு வந்து பேசுங்க.

கோவை_செந்தில்: டெமோல நின்னுச்சு சார், நான் கண்ணால பாத்தேன்.