விலைப்போட்டித்திறனா, விலை ஈடா?

ராமநாதபுரத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். சிறு கடைக்காரர்களுக்காக ஷாப்பிங் விளம்பரக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர்கள் தங்கள் பொருள்களைப் பதியும் கூகுள் மெர்ச்சன்ட் சென்டரில் `Price competitiveness` என்று ஓர் அறிக்கை இருக்கிறது. அதற்குள் `Benchmark price` என்று ஒரு நெடுவரிசை வரும். அறிக்கைக்கு "விலைப்போட்டித்திறன்" என்று எழுதி வைத்திருந்தேன்.

போன வாரம் பஜாரில் ஒரு கடைக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "போட்டி போடுகிற திறன் எனக்கு நன்றாகவே இருக்கிறது, இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்றார். சொல் அங்கேயே கவிழ்ந்துவிட்டது. அறிக்கை ஆளுடைய திறமையைப் பேசவில்லை. அதே பொருளை விற்கிற மற்றவர்களின் விலைக்குப் பக்கத்தில் நம் விலை எங்கே நிற்கிறது என்பதைத்தான் சொல்கிறது. வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

சாயல்குடியிலிருந்து

ஐயா, நான் கருப்பட்டி விற்கிறேன், இந்தப் போட்டி விலையில் நான் நிறையவே பட்டுவிட்டேன். கிளிக்குக்கு 4 ரூபாய் வைத்திருந்ததை 9 ரூபாய் ஆக்கினேன். விளம்பரம் மேலே வந்தது, கிளிக்கும் வந்தது, விற்பனை மட்டும் ஏறவில்லை. கையேட்டில் "போட்டி விலையைக் கூட்டினாலும் பயனில்லை" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கீழக்கரையிலிருந்து

அக்கா, நீங்கள் கூட்டியது ஏலத்தொகை, ஒரு கிளிக்குக்கு நாம் தரச் சம்மதிக்கும் பணம். இங்கே பேசுவது பொருளின் விலையை. நம் கரையில் மீனை ஏலம் விட்டால் ஏலத்தில் நிற்பதே விலை, அதனால் இரண்டும் ஒன்று என்று தோன்றுவது இயல்பு. விளம்பர ஏலத்தில் மீன் இல்லை, கடை போடும் இடம்தான் ஏலத்துக்கு வருகிறது. நல்ல இடம் பிடித்துவிட்டீர்கள், சரி. வந்தவர் பக்கத்துக் கூடையின் விலையையும் பார்த்துவிட்டுத்தானே வாங்குவார்?

ஆனால் உங்கள் குழப்பம் நமக்கு ஒன்றைக் காட்டிவிட்டது. "போட்டி விலை" என்ற சொல்லை எந்தப் பொருளிலும் கையேட்டில் நுழைய விடக்கூடாது. அதைப் பாதிப் பேர் ஏலத்தொகை என்றே படிப்பார்கள்.

தொண்டியிலிருந்து

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? `Benchmark price` என்றால் சந்தையிலேயே குறைந்த விலை. அதற்கு "மட்டவிலை" என்று வைத்துவிடலாம். மட்டத்துக்கு மேலே போனால் விற்பனை விழும், மட்டத்துக்கு இறக்கினால் ஏறும். முடிந்தது.

மண்டபத்திலிருந்து

தம்பி, முப்பது வருடம் தமிழ் நடத்திய பழக்கத்தில் சொல்கிறேன். "மட்டமான சரக்கு" என்றால் கேட்பவர் காதில் என்ன விழும்? மட்டவிலைக்காரர் என்று யாரையாவது அழைத்துப் பாருங்கள், சண்டைக்கே வந்துவிடுவார். நான் முதலில் "நிகர்விலை" என்று எழுதி, பிறகு நானே அடித்துவிட்டேன். கணக்குப் பிள்ளைகளுக்கு நிகர விலை என்றால் கழிவெல்லாம் போக நிற்பது. "ஒப்புவிலை" எப்படி இருக்கிறது? நம் விலையை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் விலை, அவ்வளவுதான்.

கீழக்கரையிலிருந்து

டீச்சர், ஒப்புவிலை எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதை ஏற்க இன்னொரு காரணமும் இருக்கிறது, ஏனென்றால் தொண்டித் தம்பி சொன்னது பாதிதான் சரி. அது குறைந்த விலை இல்லை, ஒருவகைச் சராசரி. அதிலும் எல்லாக் கடையையும் ஒரே எடையில் கூட்டுவதில்லை, யாருக்குக் கிளிக் அதிகம் விழுகிறதோ அவர் விலைக்கு எடை அதிகம். ஒருவன் 1,000 ரூபாய்க்குப் போட்டிருந்தும் அவனை யாரும் தொடாவிட்டால் அந்த 1,000 ஒப்புவிலையை அதிகம் அசைக்காது. ஆகவே ஒப்புவிலைக்கு இறங்குவது வேறு, ஊரிலேயே குறைந்த விலைக்கு இறங்குவது வேறு. தம்பி சொன்னபடி செய்தால் தேவையில்லாமல் லாபத்தைக் கரைப்போம்.

என் கதையைச் சொல்கிறேன், சொல் தேடவும் உதவும். நான் விற்பது தூண்டில் சாமான். அதில் ஒரு ரீல், எனக்கு அடக்கவிலை 1,800. விற்றது 2,250, ஒப்புவிலை 2,240. கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த மாதம் 800 கிளிக், 20 விற்பனை. கிளிக்குக்கு 6 ரூபாய் என்றால் விளம்பரச் செலவு 4,800. ஒரு ரீலில் 450 நிற்கும், இருபதுக்கு 9,000. விளம்பரம் போக 4,200.

கடைக்கு நேரில் வருகிறவர்கள் விலை கேட்டுத் தயங்குவதில்லையே என்று 2,490 ஆக்கினேன். ஒப்புவிலையைவிட 250 அதிகம், சுமார் 11 சதவீதம். அடுத்த மாதம் 760 கிளிக், 11 விற்பனை. கிளிக் பெரிதாகக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆள் வந்தார், பார்த்தார், திரும்பிப் போனார், எனக்கு 6 ரூபாய் போயிற்று. ரீலுக்கு 690 லாபம் என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். கூட்டிப் பார்த்தால் 7,590, அதில் விளம்பரம் 4,560 போக 3,030. அதற்கும் அடுத்த மாதம் கிளிக்கே 430 ஆகிவிட்டது, விற்பனை 6. விளம்பரச் செலவு 2,580 போக மிஞ்சியது 1,560.

மூன்றாவது மாதம் கிளிக் ஏன் பாதியாயிற்று? ஏலத்தொகையை நான் கைவைத்து மாற்றவில்லை, தானியங்கி முறையில் விட்டிருந்தேன். இந்தக் கிளிக் விற்பனையாகுமா என்று அதுவே கணிக்கும். வாங்காமல் போகிறவர்கள் கூடக்கூட, கணிப்பு இறங்கும், ஏலத்தொகையும் இறங்கும், விளம்பரம் தெரிவதே குறையும். ஒரு சிவப்பு எச்சரிக்கை கூட வரவில்லை. கூகுளுக்கு நாம் அனுப்பும் பொருள் பட்டியலான ஃபீட் முழுக்கப் பச்சை, பொருள் எல்லாம் "அனுமதிக்கப்பட்டது". விளம்பரம் பழுதாகியிருந்தால் கத்தியிருக்கும். விலை ஏறினால் கத்தாது.

தொண்டியிலிருந்து

காக்கா, ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். எந்த மாதங்கள் அவை? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாத 61 நாளில் தூண்டில் சாமான் யார் வாங்குவார்? விலையைப் பழி சொல்கிறீர்களோ என்று பார்க்கிறேன்.

கீழக்கரையிலிருந்து

கேட்க வேண்டிய கேள்விதான், கோபம் எதற்கு. முதல் மாதம் மார்ச், அடுத்தது ஏப்ரல், மே. தடைக்காலம் விசைப்படகுக்கு. என் ரீல் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, கொச்சியில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள். இருந்தாலும் பருவத்தால் குறைந்ததா என்று பார்க்க வழி வேண்டும். அதே ஃபீடில் நெற்றி விளக்கு ஒன்று இருக்கிறது, விலை மாற்றவில்லை, ஒப்புவிலையோடு ஒட்டியே நின்றது. கிளிக் செய்தவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்ற அதன் வாங்கல் விகிதம் மூன்று மாதமும் ஏறக்குறைய அதேதான். பருவம் காரணம் என்றால் அதுவும் கூடவே விழுந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். 20-க்கும் 11-க்கும் உள்ள வித்தியாசம் அதிர்ஷ்டத்தாலும் வரலாம், ஒரு மாதக் கணக்கை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஜூனில் 2,260-க்கு இறக்கினேன். முதல் பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை, பயந்தேன். கணிப்பு திரும்பி வர நாள் பிடிக்கிறது. ஜூலையில் மறுபடி 17 விற்றது. அதன்பிறகுதான் நம்பினேன்.

மண்டபத்திலிருந்து

"வாங்கல் விகிதம்" என்று போகிற போக்கில் ஒரு நல்ல சொல்லைப் போட்டுவிட்டீர்கள். இதுவரை எல்லோரும் "மாற்று வீதம்" என்று எழுதுகிறார்கள், எனக்கு டாலருக்கு எத்தனை ரூபாய் என்றுதான் ஞாபகம் வருகிறது. இதைக் குறித்துக்கொள்கிறேன்.

சரி, தலைப்புக்கு வருவோம். நம் பேச்சில் "அவன் விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை" என்று சொல்கிறோம் அல்லவா? அதிலிருந்து "விலை ஈடு". நம் விலை ஒப்புவிலைக்கு ஈடாக நிற்கிறதா, விலகி நிற்கிறதா என்று அந்தச் சொல்லே கேட்டுவிடுகிறது. ஆளின் திறமை இதில் வரவில்லை. காக்காவின் ரீலுக்கு ஏப்ரலில் விலை ஈடு இல்லை, ஜூலையில் இருந்தது என்று எழுதலாம். வாயில் ஒட்டுகிறதா என்று சொல்லிப் பாருங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து

சொல்லிப் பார்த்தேன், ஒட்டுகிறது. ஒரே பயம், ஈடு என்றால் அடகு. "வீட்டை ஈடு வைத்தேன்" என்று பேசுகிற ஊர். இழப்பீடும் பக்கத்திலேயே நிற்கிறது. அந்தப் பஜார்க் கடைக்காரரிடமே கேட்டேன். "விலைக்கு ஈடா, புரியுது, நான் ஏறி நிக்கிறேனா இறங்கி நிக்கிறேனான்னு கேக்குறாங்க" என்றார். அடகை அவர் நினைக்கவேயில்லை. ஒருவர் சொன்னதை வைத்து முடிவெடுக்க முடியாது, இருந்தாலும் மனது சாய்கிறது.

தொண்டியிலிருந்து

கடைக்காரர் கையேட்டுக்கு விலை ஈடு சரி. ஆனால் கல்லூரிப் பாடத்தில் நாட்டின் ஏற்றுமதி, தொழிலின் போட்டித்திறன் என்றெல்லாம் வரும். அங்கே விலைப்போட்டித்திறன்தான் நிற்கும். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொல்லா என்று நாளை ஒருவர் கேட்பார்.

மண்டபத்திலிருந்து

கேட்கட்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல் இரண்டு வேலை செய்தால் நாமும் ஒன்றையே வைத்து மாரடிக்க வேண்டுமா? பாடநூல்காரர் என்ன செய்வார் என்பதை அவரிடமே விட்டுவிடுவோம்.

சாயல்குடியிலிருந்து

எல்லாம் படித்தேன். ஏலத்தொகையும் விலையும் வேறு என்று இப்போது தெரிந்தது. பிறகு என் கணக்கைத் திறந்து ஒப்புவிலை பார்க்கலாம் என்றால், கருப்பட்டிக்கு நேராக ஒன்றுமே இல்லை, காலிக் கோடுதான் இருக்கிறது. என் விலைக்கு ஈடு உண்டா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது?

கீழக்கரையிலிருந்து

அக்கா, ரீலின் பெட்டியில் தயாரிப்பாளரின் பார்கோடு எண் இருக்கிறது. நான் அதை ஃபீடில் `gtin` என்ற இடத்தில் கொடுக்கிறேன். சென்னையில் விற்பவரும் அதே எண்ணைக் கொடுக்கிறார். அதனால்தான் இரண்டும் ஒரே பொருள் என்று கண்டுபிடித்து ஒப்பிட முடிகிறது. உங்கள் கருப்பட்டி நீங்களே பொட்டலம் போட்டது. உலகத்தில் அதை விற்பது நீங்கள் ஒருவர்தான், ஒப்பிட ஆளே இல்லை. வேறொருவர் பொருளின் எண்ணைப் போட்டு நிரப்பிவிடாதீர்கள், பொருளையே நிராகரித்துவிடுவார்கள்.

அதற்காக வாங்குகிறவர் ஒப்பிடவில்லை என்று அர்த்தமில்லை. அவர் கண்ணுக்கு நாலு கருப்பட்டிப் படம் வரிசையாகத் தெரிகிறது, நாலுக்கும் கீழே விலை. உங்களுடையது அரைக் கிலோவா ஒரு கிலோவா என்பது தலைப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எடை தெரியாவிட்டால் 380 ரூபாய் என்ற எண் மட்டும்தான் கண்ணில் படும். வாரத்துக்கு ஒருமுறை நீங்களே தேடிப் பார்த்து, மற்றவர்கள் விலையைக் கிலோவுக்கு மாற்றி நோட்டில் எழுதுங்கள். யாருக்கு எத்தனை கிளிக் என்பது நமக்குத் தெரியாது, அதனால் அது ஒப்புவிலை ஆகாது. ஆனால் காலிக் கோட்டைவிட மேல்.

சாயல்குடியிலிருந்து

தலைப்பில் எடை இல்லை. என்னுடையது ஒரு கிலோ. இன்றைக்கே மாற்றுகிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து

கையேட்டில் இப்போதைக்கு இப்படிப் போகிறேன்: `Benchmark price` ஒப்புவிலை, `Price competitiveness` விலை ஈடு, வாங்கல் விகிதம் டீச்சர் குறித்தபடி. தொண்டித் தம்பியின் ஆட்சேபம் அடிக்குறிப்பில் வரும். அந்தக் காலிக் கோட்டுக்கு என்ன பெயர் என்று யாரும் சொல்லவில்லை. "ஒப்புவிலை இல்லை" என்று எழுதினால், ஒப்பே இல்லாத உயர்ந்த பொருள் என்று யாராவது படிப்பார்களோ?

மண்டபத்திலிருந்து

சாயல்குடிக் கருப்பட்டிக்கு அப்படிப் படித்தால் தப்பில்லை. மற்றவற்றுக்கு "ஒப்பிடப் பொருள் கிடைக்கவில்லை" என்று நீட்டியே எழுதுங்கள்.