பத்தாம் ஆண்டுப் பதிவுக்குக் கடைசி வரி வேண்டும்

வணக்கம். வெள்ளிக்கிழமையோடு எங்கள் மரச்செக்கு எண்ணெய்க் கடைக்குப் பத்து வயது. இன்ஸ்டாகிராமில் போட இப்படி எழுதியிருக்கிறேன்:

"காலி பாட்டிலைக் கழுவிக் காயவைத்து எடுத்து வருகிறீர்களே, அந்த நம்பிக்கைதான் எங்கள் பத்து வருடம். விடியற்காலையில் செக்கை ஓட்டி, எள்ளுக்குக் கருப்பட்டியைப் பதம் பார்த்துப் போடும் எங்கள் ஆட்களுக்கும் நன்றி."

முதலில் "உங்கள் பேராதரவுக்கு நன்றி" என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் அங்கே முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும், மீதியைத் தொட்டால்தான் விரியும். யார் கடைக்கும் பொருந்தும் வரியை அங்கே வைக்க மனசு வரவில்லை, பாட்டிலை முன்னால் கொண்டுவந்தேன்.

சிக்கல் கடைசி வரியில். அடுத்து இட்லிப் பொடி போடப்போகிறோம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் அதைச் சேர்க்க விண்ணப்பித்திருக்கிறோம். கைக்கு வரும்வரை பெயரோ தேதியோ சொல்வதாக இல்லை. சொல்லிவிட்டுத் தள்ளிப்போனால் கடைக்கு வருபவர்களுக்கு என்ன பதில் சொல்வது? "எண்ணெயோடு இன்னொரு வாசமும் வரப்போகிறது" என்று எழுதினேன். படித்த என் மனைவி, "சோப்பா?" என்று கேட்டாள். சரிதான், வாசம் என்றால் அப்படித்தான் தோன்றும்.

சாப்பிடும் பொருள் என்று புரிய வேண்டும், என்னவென்று தெரியக்கூடாது. ஏழெட்டுச் சொல்லில் ஒரு வரி தோன்றினால் கீழே எழுதுங்கள். வியாழன் இரவுக்குள் கிடைத்தால் நல்லது.