வெங்காய வேர்நுனிப் படத்தில் நான் புரோஃபேஸ் என்று எழுதிய செல்

தாவரவியல் முதலாண்டு மாணவி

கடந்த வாரச் செய்முறைத் தேர்வில், அசிட்டோகார்மைன் சாயமேற்றி நசுக்கித் தயாரித்த வெங்காய வேர்நுனியின் நுண்படத்தை அச்சிட்டுக் கொடுத்து, அம்புக்குறி காட்டும் ஐந்து செல்கள் செல் பிரிதலின் எந்தெந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதச் சொன்னார்கள். நான்கைச் சரியாக எழுதினேன். ஐந்தாவதில் நியூக்ளியஸின் எல்லைக்கோடு தெரியவில்லை. செந்நிறக் குரோமோசோம்கள் செம்பருத்தி இதழ்களைப் போல நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விரிந்து கிடந்தன. மெட்டாஃபேஸ் என்றால் குரோமோசோம்கள் செல்லின் குறுக்கே ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். கோடு இல்லாததால் அதற்கு முந்திய நிலையான புரோஃபேஸின் இறுதி என்று எழுதினேன். விடைத்தாளில் அதை அடித்து மெட்டாஃபேஸ் என்று திருத்தியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட செல்லைக் கண்டவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

உங்கள் பிழையை ஆண்டுதோறும் பல மாணவர்களிடம் கண்டிருக்கிறேன்; பணியில் சேர்ந்த புதிதில் நானே அதைச் செய்து, ஆய்வக உதவியாளர் ஒருவரிடம் பாடம் கேட்டவன். நீங்கள் கோடு என்று சொல்வது உண்மையில் ஒரு தட்டு. சாப்பாட்டுத் தட்டைக் கண்மட்டத்தில் பிடித்தால் கோடாகவும் மேலிருந்து பார்த்தால் வட்டமாகவும் தெரிவதில்லையா, அதுபோலத்தான் இதுவும். நீளவாட்டில் மெல்லிய சீவல்களாக வெட்டிய நிரந்தர ஸ்லைடில் செல்கள் வேரின் அச்சுக்கு இணையாக வரிசையாக நிற்பதால், பெரும்பாலான தட்டுகள் விளிம்புப் பக்கமாகத் தெரியும். நசுக்கும் முறையிலோ, அமிலம் செல்களின் பிணைப்பைத் தளர்த்திவிட, கட்டைவிரல் அழுத்தத்தில் அவை உருண்டு எந்தப் பக்கமாகவும் படுத்துவிடுகின்றன. துருவப் பக்கத்திலிருந்து பார்க்க நேர்ந்த மெட்டாஃபேஸைத்தான் நீங்கள் செம்பருத்தி என்கிறீர்கள்.

புரோஃபேஸிலிருந்து இதைப் பிரித்தறிய நான் நடுப்பகுதியையே முதலில் பார்ப்பேன். புரோஃபேஸில் இழைகள் நூல்கண்டைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி, உருண்டையான ஓர் எல்லைக்குள் அடங்கியிருக்கும். தொடக்கத்தில் நியூக்ளியோலஸும் வெளிறிய புள்ளியாகத் தெரியும். துருவப் பார்வை மெட்டாஃபேஸில் குரோமோசோம்கள் தடித்தும் குட்டையாகவும் இருக்கும். கரங்கள் சேரும் இடமான சென்ட்ரோமியர்கள் உள்நோக்கியும் கரங்களின் நுனிகள் வெளிநோக்கியும் அமைந்திருக்கும். அந்த நுனிகள் பின்னலின்றித் தனித்தனியே நீட்டி நிற்பதே எனக்கு மிக நம்பகமான அடையாளம்.

மேல்நிலைப்பள்ளி ஆசிரியர்

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை என்பது என் அனுபவம். வெங்காயத்தின் உடற்செல்லில் 16 குரோமோசோம்கள். எண்ணிப் பார்த்து 16 தனித்தனியாகத் தெரிந்தால் மெட்டாஃபேஸ், தெரியாவிட்டால் புரோஃபேஸ். என்னிடம் 16-ம் தெளிவாகப் பரந்து கிடக்கும் ஒரு படம் இருக்கிறது. அதை வைத்தே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

எண்ணிக்கை 16 என்பது சரியே. ஆனால் ஐயா சொல்லும் படம் பெரும்பாலும் கோல்ச்சிசின் கரைசலில் முன்கூட்டி ஊறவைத்த வேரிலிருந்து எடுத்ததாக இருக்கும். அந்த மருந்து குரோமோசோம்களை இழுத்து நிறுத்தும் கதிர்கோல் இழைகள் உருவாகவிடாமல் தடுப்பதால், குரோமோசோம்கள் நடுத்தளத்துக்கு வர வழியின்றிச் செல் முழுவதும் சிதறி நிற்கும். எண்ணுவதற்கு அது அருமையான படம். நிலையை அடையாளம் காணக் கற்பதற்கு அது வழிதவறச் செய்யும், ஏனெனில் அதில் தட்டே கிடையாது. மருந்திடாத வேரில் கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், நல்ல மெட்டாஃபேஸில்கூடப் பதினொன்று, பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு நிறுத்த வேண்டியிருக்கும்.

வீட்டில் நுண்ணோக்கி வைத்திருப்பவர்

என் பிரச்சினையையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். மூன்று முறை செய்தும் எனக்கு ஒரு செல்கூடப் பிரியும் நிலையில் தெரியவில்லை. நீண்ட, சாயமேறாத செல்களே காணப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் ஓரமாகச் சிறிய நியூக்ளியஸ். சந்தை வெங்காயம் செத்துவிட்டதா?

ஆய்வக உதவியாளர்

வேர் விட்ட வெங்காயம் சாகவில்லை. நீங்கள் வெட்டிய இடம்தான் தவறு. நீண்ட செல்கள் தெரிகின்றன என்றால் வளர்ந்து நீளும் பகுதியை எடுத்திருக்கிறீர்கள். ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த கரைசலில் வேரை நிலைப்படுத்தி, 60 டிகிரியில் வைத்த ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடங்கள் மென்மையாக்கி, சாயமேற்றிப் பாருங்கள். கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் மற்ற இடத்தைவிட அடர்த்தியாகச் சிவந்திருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடுங்கள். கவர் ஸ்லிப்பை அழுத்தும்போது பக்கவாட்டில் நகர்த்தினால் குரோமோசோம்கள் இழுபட்டுப் பொய்யான வடிவங்கள் தோன்றும். நேராக மட்டும் அழுத்துங்கள்.

யாழ்ப்பாணத்து உயிரியல் ஆசிரியை

எங்கள் பாடநூல்களில் புரோஃபேஸை முன்னவத்தை, மெட்டாஃபேஸை அனுவவத்தை என்று எழுதுவோம். சொற்கள் வேறானாலும் சிக்கல் ஒன்றுதான். எங்கள் பிள்ளைகள் அதிகமாகத் தவறுவது கடைசி நிலையில். இரண்டு நியூக்ளியஸ்கள் அருகருகே தெரிந்தாலே டீலோஃபேஸ் என்று எழுதிவிடுவார்கள். நான் அவற்றுக்கிடையே உள்ள சுவரைப் பார்க்கச் சொல்வேன். நடுவில் மெல்லிய, இன்னும் முழுமையடையாத கோடு மட்டும் இருந்து, இரு நியூக்ளியஸ்களும் சிறியனவாக, அடர்ந்து, ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம்போல் எதிரெதிரே தட்டையாக நின்றால் அது டீலோஃபேஸ். சுவர் தடித்து, நியூக்ளியஸ்கள் உருண்டு, நியூக்ளியோலஸும் தெரிந்தால் அவை பிரிந்து முடிந்த இரு செல்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே படத்தில் நானும் சக ஆசிரியரும் தனித்தனியே எண்ணினோம். மெட்டாஃபேஸ் எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றாகவே வந்தது. முன்னவத்தை எனக்கு 24, அவருக்கு 15. வெங்காயத்தில் பிரியாத நியூக்ளியஸே வலைபோல் சொரசொரப்பாகத் தெரிவதால், முன்னவத்தை எங்கே தொடங்குகிறது என்பதில் நாங்கள் இன்றுவரை உடன்படவில்லை.

தாவரவியல் முதலாண்டு மாணவி

அனைவருக்கும் நன்றி. விடைத்தாளுடன் வந்த அச்சுப்படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் மீண்டும் பார்த்தேன். கரங்களின் நுனிகள் வெளியே நீட்டி நிற்கின்றன. அது புரோஃபேஸ் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் இது, குரோமோசோம்கள் இரு தொகுதிகளாகத் துருவங்களை நோக்கி விலகும் அனாஃபேஸாக இருக்கலாகாதா? அனாஃபேஸையும் துருவத்திலிருந்து பார்த்தால் வட்டமாகத்தானே தெரியும்?

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

தேர்வாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. நுண்ணோக்கியில் என்றால் நுண்சரிசெய் திருகை மெல்லத் திருப்பிப் பார்ப்பேன். ஒரு வட்டம் மங்கி, அதற்கடியில் இன்னொரு வட்டம் தெளிந்தால் அது அனாஃபேஸ். ஒரே ஆழத்தில் எல்லாம் தெளிந்து எல்லாம் மங்கினால் மெட்டாஃபேஸ். அச்சுப்படத்தில் திருக எதுவும் இல்லை. மிஞ்சுவது கரங்கள் மட்டுமே: மெட்டாஃபேஸில் ஒவ்வொரு கரமும் ஒட்டிய இரு குரோமாட்டிட்களால் ஆனதால், நுனியில் சற்றே பிளந்து இரட்டையாகத் தெரியலாம், அனாஃபேஸில் ஒற்றையாக இருக்கும். உங்கள் படத்தில் எப்படி?

தாவரவியல் முதலாண்டு மாணவி

வலது ஓரத்தில் மூன்று நுனிகள் இரட்டையாகத் தெரிகின்றன. மற்றவை மங்கலாக இருக்கின்றன.

மேல்நிலைப்பள்ளி ஆசிரியர்

மூன்று போதும். மெட்டாஃபேஸ்தான்.

யாழ்ப்பாணத்து உயிரியல் ஆசிரியை

எனக்குப் போதாது. இரு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும், மேலுள்ள நுனியும் கீழுள்ள நுனியும் அடுத்தடுத்துப் பதிந்து இரட்டைபோல் தெரியும். அந்த வினாத்தாளை நான் தயாரித்திருந்தால், ஐந்தாவது அம்பை வேறு செல்லுக்கு மாற்றியிருப்பேன்.