‘வசதி மாதிரி’ என்று ஒரு வரி எழுதினால் போதுமா?

சேர்வராயன்: சேலம் மாவட்டத்தில் எத்தனை பேர் வீடியோ கால் வழியாக டாக்டரைப் பார்க்கிறார்கள் என்று கூகுள் ஃபார்மில் கேட்டு, வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். 412 பதில், அதில் 78 சதவீதம் ‘பார்த்திருக்கிறேன்’. கைக்கு எட்டியவர்களிடம் மட்டும் கேட்டதால், "வசதி மாதிரி என்பதால் பொதுமைப்படுத்துவதில் கவனம் தேவை" என்று கட்டுரையில் எழுதியும் மதிப்பாய்வாளர் போதாது என்கிறார். வேறென்ன எழுதுவது?

அஸ்தம்பட்டிக்காரன்: 412 குறைச்சல், அதுதான் காரணம். இன்னும் நாலு குழுவில் போடுங்க, ஆயிரம் தாண்டினால் பேசமாட்டார்.

மரவள்ளி: லட்சம் தாண்டினாலும் பேசுவார். 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் ஜெயிப்பார் என்றார்கள், ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். தம்பி, உங்களுடையது அதைவிட நேரடிச் சிக்கல். நெட் வழியாக டாக்டரைப் பார்ப்பவர்களை நெட்டிலேயே போய் எண்ணியிருக்கிறீர்கள். ஏற்காட்டில் சிக்னல் எட்டாத எஸ்டேட் லைன் வீட்டுக்கு உங்கள் ஃபார்மும் போகாது, அந்த டாக்டரும் வரமாட்டார். ஆக 78 மாவட்டத்துக்குக் கூடுதலாகத்தான் இருக்கும். கட்டுரையில் இல்லாதது இந்தத் திசைதான். எந்தெந்தக் குழு, யார் விடுபட்டார்கள், எண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுதுங்கள். மாவட்டத்தில் பாதிப் பேருக்கு ஃபார்ம் எட்டவே வழியில்லை, அவர்களில் ஒருவர்கூட அப்படி டாக்டரைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டால் 78 அப்படியே 39 ஆகிவிடும், அதையும் காட்டிவிடுங்கள். பிழை வரம்பு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், குலுக்கல் முறையில் ஆள் எடுத்தவர்கள் போடுவது அது. தலைப்பில் ‘சேலம் மாவட்ட மக்கள்’ இருக்கிறதா?

சேர்வராயன்: இருக்கு மேடம்.

அஸ்தம்பட்டிக்காரன்: எதுக்கு இவ்வளவு? 2011 சென்சஸ் வயது, பாலின விகிதத்துக்குப் பொருந்துற மாதிரி பதில்களுக்கு வெயிட் போட்டால் சரியாகிடும்.

மரவள்ளி: வயதுக் கோணல் குறையும், அது உண்மை. ஆனால் ஃபார்ம் நிரப்பிய ஐம்பது வயதுப் பெண் நெட் பழகியவர். வெயிட் போட்டால் அவரைத்தான் பத்தாகப் பெருக்குவீர்கள், நெட் இல்லாத ஐம்பது வயதுக்காரி அப்போதும் கணக்கில் வரமாட்டார். சென்சஸும் பழசு.

ஜவ்வரிசி: நான் சேகோ ஆலை கேட்டில் நின்று, ஷிப்ட் விடும்போது நேரிலேயே முதுகுவலி பற்றிக் கேட்டேன். ஆன்லைன் இல்லையே, எனக்கு இந்தத் தொல்லை கிடையாதுதானே?

மரவள்ளி: வலி தாங்காமல் வேலையை விட்டவர் கேட்டுக்கு எப்படி வருவார்? உங்கள் எண் குறைச்சலாகக் காட்டும்.

ஜவ்வரிசி: ஐயோ. பழைய ஆள்களின் வீட்டு விலாசம் மேஸ்திரியிடம் இருக்கும், கேட்டுப் பார்க்கிறேன்.

அஸ்தம்பட்டிக்காரன்: சரி, சதவீதத்தை விடுங்க. வயது கூடக்கூட உபயோகம் குறையுதுங்கிற தொடர்பாவது நிற்குமில்ல?

மரவள்ளி: குறைகிறது என்பது அநேகமாக நிற்கும். எவ்வளவு என்பது நிற்காது. வந்த முதியவர்களே நெட் தெரிந்தவர்கள் என்பதால் இடைவெளி சின்னதாகத் தெரியும்.

அஸ்தம்பட்டிக்காரன்: இதை நான் ஒத்துக்கலை, அப்படிப் பார்த்தால் எந்த ஆன்லைன் சர்வேயும் தேறாது.

சேர்வராயன்: தலைப்பை ‘சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் பதிலளித்தவர்கள்’ என்று மாற்றினால் எங்கள் கைடு கையெழுத்துப் போடமாட்டார் மேடம், அதுதான் இப்போது பெரிய பிரச்சினை.