பி-ட்ரீ: பிளக்கும்போது மேலே போவது 15ஆ, 20ஆ?

பெங்களூரு மாரத்தஹள்ளியில் பக்கத்து அறைத் தம்பிக்கு நாளை மறுநாள் தேர்வு. பி-ட்ரீ படம் போட்டுக் காட்டப் போய் நானே மாட்டிக்கொண்டேன். ஒரு கணுவில் அதிகபட்சம் 3 எண்கள். 10, 20, 30 சேர்த்ததும் நிறைந்துவிட்டது. அடுத்து 15.

நான் 15-ஐ நுழைத்து, நான்கு ஆனதும் பிளந்தேன். நடுவில் இரண்டு எண்கள், அதனால் இடப்பக்கத்து 15-ஐ மேலே ஏற்றினேன். அவன் விடைக் குறிப்பிலோ நிறைந்த வேரை முதலில் பிளந்து 20-ஐ ஏற்றிவிட்டு, அப்புறம்தான் 15-ஐ இறக்கியிருக்கிறார்கள்.

```
    [15]               [20]
   /    \             /    \
[10]  [20 30]     [10 15]  [30]
```

இரண்டிலும் வரிசை சரி, இலைகள் ஒரே மட்டம், எந்தக் கணுவும் காலியில்லை. இரண்டுமே செல்லும் என்றுதான் நினைக்கிறேன். கேள்வியில் எந்த முறை என்று சொல்லாவிட்டால் என் படத்துக்கு மதிப்பெண் வெட்டுவார்களா? விடைத்தாள் திருத்தியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.