வரலாற்றுக் கட்டுரையில் காலம் மாறிக்கொண்டே இருக்கிறது, எப்படிச் சரிசெய்வது?

மதிவதனி:
வணக்கம். பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளை ஒட்டோமான் சுல்தான் முற்றுகையிட்டது பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். படித்துப் பார்த்த ஆசிரியர் ஓரத்தில் "காலம் தடுமாறுகிறது, நடையும் ஒரே சீராக இல்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். எந்த இடத்தில் என்று எனக்குப் பிடிபடவில்லை. பத்தி இதுதான்:

"1453 ஏப்ரல் 6 அன்று இரண்டாம் மெஹ்மதின் படை நகரை முற்றுகையிட்டது. நகரின் வடக்கே தங்கக் கொம்பு என்ற கடற்கழி இருக்கிறது. அதன் வாயிலில் பைசாந்தியர்கள் பெரிய சங்கிலியைக் கட்டியிருக்கிறார்கள். சுல்தானின் கப்பல்களால் உள்ளே வர முடியவில்லை. அப்போது சுல்தான் மாஸான ஒரு திட்டம் போடுகிறார். ஏப்ரல் 22 அன்று சுமார் 70 கப்பல்களைத் தரைவழியே இழுத்துக் கழிக்குள் இறக்கினான். நகரத்தார் செம ஷாக் ஆகிறார்கள். வெனிஸ் மருத்துவர் நிக்கோலோ பார்பரோ இதைத் தன் நாட்குறிப்பில் எழுதினார். மே 29 அன்று நகரம் வீழ்ந்தது."

செல்வா:
இதில் குழப்பமே இல்லைங்க. வரலாறு என்றால் நடந்து முடிந்தது. எல்லா வினையையும் இறந்தகாலத்துக்கு மாற்றிவிடுங்கள், வேலை முடிந்தது. "மாஸான" என்பதை "மகத்தான" என்றும், "செம ஷாக்" என்பதை "அதிர்ச்சிக் கடலில் மூழ்கினர்" என்றும் போட்டால் நடையும் சரியாகிவிடும்.

கதைசொல்லி:
நான் ஒலிப்பதிவில் வரலாறு சொல்பவன். "சுல்தான் நிற்கிறார், எதிரே மதில், கையை உயர்த்துகிறார்" என்று சொன்னால்தான் கேட்பவர் நகராமல் இருப்பார். நிகழ்காலத்தை எடுத்தால் உயிரே போய்விடும். முழுப் பத்தியையும் நிகழ்காலத்தில் எழுதுங்கள்.

பழைய ஏடு:
கதைசொல்லி சொல்வது குரலுக்குப் பொருந்தும். மதிவதனி கேட்பது கட்டுரைக்கு. செல்வா சொன்னதில் பாதி சரி, ஆனால் அப்படியே செய்தால் "தங்கக் கொம்பு என்ற கடற்கழி இருந்தது" என்று வரும். அந்தக் கழி இன்றும் அங்கேதானே இருக்கிறது? "இருந்தது" என்றால் தூர்ந்துபோய்விட்டது என்று வாசகர் நினைப்பார்.

ஒரு வேலை செய்யுங்கள். வாக்கியத்தின் கடைசி வினைகளை மட்டும் எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். இழுத்து, இறக்கி மாதிரியான எச்சங்களை விட்டுவிடுங்கள், அவை காலத்தைத் தீர்மானிப்பதில்லை. உங்கள் பத்தியில் இப்படி வரும்: முற்றுகையிட்டது, இருக்கிறது, கட்டியிருக்கிறார்கள், முடியவில்லை, போடுகிறார், இறக்கினான், ஆகிறார்கள், எழுதினார், வீழ்ந்தது. பத்தியாகப் படிக்கும்போது கதை நம்மை இழுத்துப் போய்விடும். இப்படி வரிசையாகப் பார்த்தால் தடுமாற்றம் பளிச்சென்று தெரியும்.

இனி ஒவ்வொன்றையும் "இது எப்போது உண்மை?" என்று கேளுங்கள். கழி இருப்பது இன்றும் உண்மை, "இருக்கிறது" அப்படியே நிற்கட்டும். சங்கிலியைக் கட்டியது முற்றுகைக்குச் சில நாள் முன்பு. அதாவது நீங்கள் சொல்லும் நேரத்துக்கும் முந்தியது, எனவே "கட்டியிருந்தார்கள்". நீங்கள் எழுதியிருக்கும் "கட்டியிருக்கிறார்கள்" சங்கிலி இன்னும் வாயிலில் தொங்குவதுபோல் படிக்க வைக்கிறது. உங்கள் சறுக்கல் தொடங்குவதே அங்கேதான். கழியைப் பற்றி நிகழ்காலத்தில் சொன்னீர்கள், அந்த வேகத்திலேயே சங்கிலிக்கும் போய்விட்டீர்கள்.

அடுத்து வரும் "முடியவில்லை"யைக் கவனியுங்கள். "நேற்று வர முடியவில்லை", "இப்போது வர முடியவில்லை" இரண்டும் சரிதான். இறந்தகாலமா நிகழ்காலமா என்று அந்தச் சொல் காட்டாது. அதனால் அது சறுக்கலை மறைத்துவிட்டது, "போடுகிறார்" இயல்பாக வந்து உட்கார்ந்துகொண்டது. இல்லை, வேண்டும், முடியும் வருகிற இடங்களில் எல்லாம் அடுத்த வாக்கியத்தைச் சந்தேகப்பட்டுப் பாருங்கள். "வேண்டும்" என்றால் "வேண்டியிருந்தது" என்று மாற்றிக்கொள்ளலாம்.

மதிவதனி:
ரொம்ப நன்றி ஐயா. பார்பரோ "எழுதினார்" சரியா? வேறு இடத்தில் "பார்பரோ கூறுகிறார்" என்று எழுதியிருக்கிறேன். அப்புறம் இன்னொரு பத்தியில் "பகலில் பீரங்கிகள் மதிலை உடைக்கும், இரவில் நகரத்தார் அடைப்பார்கள்" என்று இருக்கிறது.

பழைய ஏடு:
அவர் உட்கார்ந்து எழுதியது 1453இல், அது "எழுதினார்". அந்த ஏடு இன்றும் நம் கையில் இருக்கிறது, அது சொல்வது "கூறுகிறது", "குறிப்பிடுகிறது". இரண்டும் சரி. ஆனால் ஒரு சான்றுக்கு "கூறுகிறது", அடுத்த சான்றுக்கு "கூறியது" என்று கலக்காதீர்கள்.

"உடைக்கும், அடைப்பார்கள்" தமிழில் பிழையே இல்லை, வழக்கமாக நடந்ததை நாம் அப்படித்தான் பேசுகிறோம். பாட்டி கதை சொல்லும்போது இனிமையாகவும் இருக்கும். சுற்றிலும் இறந்தகாலம் இருக்கிற கட்டுரையில் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். "பகலில் பீரங்கிகள் மதிலை உடைத்தன, இரவில் நகரத்தார் அதை அடைத்து வந்தார்கள்" என்றால் தினமும் நடந்தது என்ற பொருளும் போகாது.

இப்போது "மாஸான". செல்வா சொன்ன "மகத்தான" ஆடையைத்தான் மாற்றுகிறது. "அதிர்ச்சிக் கடல்" மேடைப்பேச்சு, அதுவும் நடை மாறுவதுதான். கொச்சைச் சொல் வந்து உட்காரும் இடத்தில் பெரும்பாலும் ஒரு தகவல் விடுபட்டிருக்கும். திட்டம் ஏன் பெரிது? வாயிலை உடைக்காமலே சங்கிலியைப் பயனற்றதாக்கியது. நகரத்தார் ஷாக் ஆனார்கள் என்பதற்கு என்ன அடையாளம்? ஏற்கெனவே ஆள் போதாத காவலிலிருந்து துறைமுகப் பக்க மதிலுக்கும் ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. ஏப்ரல் 28 அன்று அந்தக் கப்பல்களை எரிக்க முயன்று தோற்றார்கள். இதை எழுதினால் "ஷாக்" தானாகவே தேவைப்படாது.

செல்வா:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "போடுகிறார்", "இறக்கினான்" இதை யாரும் சொல்லவில்லையே? ஒரே சுல்தான் ஒரு வரியில் "ஆர்", அடுத்த வரியில் "ஆன்".

பழைய ஏடு:
நல்ல கண். அரசர்களுக்கு "ஆன்" போடுவது பழைய வழக்கம், அதில் அவமரியாதை கிடையாது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

செல்வா:
மருத்துவர் பார்பரோ "எழுதினார்", சுல்தான் "இறக்கினான்" என்றால் எனக்கு உறுத்துகிறது. எல்லோருக்கும் "ஆர்" போட்டால் எழுதுபவர் யார் பக்கம் என்ற சந்தேகமே வராது.

பழைய ஏடு:
சுல்தானுக்கு "ஆன்", தோற்ற பேரரசருக்கு "ஆர்" என்று பிரித்தால்தான் பக்கச்சார்பு. இருவருக்கும் ஒன்றே என்றால் எதுவும் சரி. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், மதிவதனியே முடிவெடுக்கட்டும்.

மதிவதனி:
"ஆர்" எடுத்துக்கொள்கிறேன். மாற்றிய பத்தி:

"1453 ஏப்ரல் 6 அன்று இரண்டாம் மெஹ்மதின் படை நகரை முற்றுகையிட்டது. நகரின் வடக்கே தங்கக் கொம்பு என்ற கடற்கழி இருக்கிறது. அதன் வாயிலில் பைசாந்தியர்கள் முற்றுகைக்குச் சில நாள் முன்பே பெரிய சங்கிலியைக் கட்டியிருந்தார்கள். சுல்தானின் கப்பல்களால் உள்ளே வர முடியவில்லை. ஏப்ரல் 22 அன்று அவர் சுமார் 70 கப்பல்களைத் தரைவழியே இழுக்கச் செய்து கழிக்குள் இறக்கினார். சங்கிலி பயனற்றுப் போனது. நகரத்தார் துறைமுகப் பக்க மதிலுக்கும் ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. இந்நிகழ்ச்சியை வெனிஸ் மருத்துவர் நிக்கோலோ பார்பரோவின் நாட்குறிப்பு குறிப்பிடுகிறது. மே 29 அன்று நகரம் வீழ்ந்தது."

உட்தலைப்பு "நகரம் வீழ்கிறது" என்று இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டுமா?

கதைசொல்லி:
அதையாவது விட்டுவையுங்கள்!

பழைய ஏடு:
தலைப்பில் நிகழ்காலம் பலரும் எழுதுவதுதான். ஆனால் எல்லா உட்தலைப்பும் அப்படியே இருக்க வேண்டும். நான் எழுதினால் வினையே இல்லாமல் "நகரின் வீழ்ச்சி" என்று போட்டுவிடுவேன்.