உதவி: 26 பக்க ஆய்வுக் கட்டுரையை 2 பக்கமாக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

காட்பாடி_ஆய்வாளர்
அவசரம். கட்டுரை 26 பக்கம். அதிகாரிகளுக்குக் கொடுக்க 2 பக்கத்தில் கொள்கைக் குறிப்பு எழுதச் சொன்னார் கைடு. ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழில் போட்டு, முடிவுரையிலிருந்த 9 பரிந்துரைகளையும் கீழே சேர்த்தேன். "ஒன்றுதான் இருக்கணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எதை வெட்டுவது? மாதிரி இருந்தால் அனுப்புங்கள்.

ஆம்பூர்_பாஷா
எதைப் பற்றிய ஆய்வு என்று சொல்லவே இல்லையே தம்பி.

பழைய_ஃபைல்
"அதிகாரிகள்" என்று ஒருவர் கிடையாது. கலெக்டரா, குடிநீர் வாரியமா, பி.டி.ஓ.வா? அது தெரியாமல் எதை வெட்டுவது என்று யாராலும் சொல்ல முடியாது. வருடத்துக்கு நாலு பேர் இதே கேள்வியோடு வருகிறீர்கள், பழைய இழைகளை ஒருவர்கூடத் தேடிப் படிப்பதில்லை.

திருப்பத்தூர்_டீச்சர்
ஆய்வுச் சுருக்கம் 250 சொல்லைத் தாண்டக் கூடாது. நோக்கம், முறை, முடிவு என்ற வரிசையில் எழுதினால் இதழ்கள் ஏற்கும்.

ஆம்பூர்_பாஷா
டீச்சர், அவர் கேட்டது இதழுக்கு இல்லை.

காட்பாடி_ஆய்வாளர்
மன்னிக்கவும். ஃப்ளோரைடு. ஒரே ஒன்றியத்தில் 8 ஊராட்சி, 46 அடிபம்பு. 17 பம்பில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல். பள்ளிப் பிள்ளைகளின் பல் கறையையும் பார்த்தோம். முரண் விகிதம் 3.0. அதாவது அந்தத் தண்ணீர் குடிக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து 3 மடங்கு. இதையே தலைப்பாக வைக்கலாமா? கலெக்டருக்குத்தான் கொடுக்கிறோம்.

ராணிப்பேட்டை_சிவா
தாராளமாக வையுங்கள். பக்கத்திலேயே பி மதிப்பையும் போடுங்கள், அதிகாரி மதிப்பார். முதல் பரிந்துரை கூட்டுக் குடிநீர் இணைப்பு. காவிரித் தண்ணீர்தான் வேலூர் வரை வந்துவிட்டதே, அப்புறம் அடிபம்பு எதற்கு?

ஆற்காடு_அக்கா
சிவா, குழாயில் தண்ணீர் வராத நாளில் எங்கள் தெருவுக்கு அடிபம்புதான். வந்து பாருங்கள்.

தம்பி, 3 மடங்கு என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை என்ன? எத்தனை பேருக்குக் கறை?

காட்பாடி_ஆய்வாளர்
அந்த 17 பம்பில் குடிப்பவர்கள் 120 பேர், 72 பேருக்குக் கறை. மற்ற பம்புகளில் குடிப்பவர்கள் 150 பேர், 50 பேருக்கு.

ஆற்காடு_அக்கா
அதைத்தான் கேட்டேன். 120-ல் 72 என்றால் 100-க்கு 60. 150-ல் 50 என்றால் 100-க்கு 33. 60-ஐ 33-ஆல் வகுத்தால் 1.8 தான் வருகிறது. கறை உள்ளவர்களைக் கறை இல்லாதவர்களால் வகுத்த எண்களை ஒப்பிட்டதால் (72/48, 50/100) உங்களுக்கு 3 கிடைத்தது. அரிதான நோயாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். இங்கே பாதிப் பிள்ளைகளுக்குக் கறை, அதனால் முரண் விகிதம் ஊதிக் காட்டுகிறது. கட்டுரையில் அது தப்பில்லை. அதிகாரி "3 மடங்கு" என்று படித்து, பிறகு யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் மொத்தக் குறிப்பும் குப்பைக்குப் போகும். "10 பிள்ளைகளில் 6 பேருக்கு, மற்ற பம்புகளில் 3 பேரில் ஒருவருக்கு" என்று எழுதுங்கள். பி மதிப்பே வேண்டாம்.

ராணிப்பேட்டை_சிவா
3 மடங்கு என்றால்தான் அசைவார்கள். 1.8-க்கு யார் எழுந்து உட்காருவார்?

ஆற்காடு_அக்கா
10-ல் 6 பிள்ளை என்பது எழுந்து உட்கார வைக்காதா?

பழைய_ஃபைல்
இன்னொரு தவறு. தலைப்பில் "கொள்கைக் குறிப்பு" வேண்டாம். கோட்டையில் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம். மானியக் கோரிக்கையின்போது துறை அமைச்சர் சட்டமன்றத்தில் வைப்பதுதான் கொள்கை விளக்கக் குறிப்பு. மாணவர் ஒருவர் அந்தப் பெயரில் தாள் நீட்டினால் சிரிப்பார்கள்.

ஆம்பூர்_பாஷா
அப்போ என்ன பெயர் வைப்பது, மனுவா?

பழைய_ஃபைல்
மனு என்றால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் போய் விழும். "பரிந்துரைக் குறிப்பு" என்று போடலாம்.

திருப்பத்தூர்_டீச்சர்
நான் பள்ளிக் கழிப்பறைக்காகத் திங்கட்கிழமைதான் கொடுத்தேன். மூன்றாவது முறையில் வேலை நடந்தது. மனு ஒன்றும் கேவலமில்லை.

பழைய_ஃபைல்
கேவலம் என்று நான் எங்கே சொன்னேன்?

ஆம்பூர்_பாஷா
பெயரை விடுங்கப்பா. தம்பி, அந்த 9 என்னென்ன?

காட்பாடி_ஆய்வாளர்
விழிப்புணர்வு, சுத்திகரிப்பு நிலையம், காவிரி இணைப்பு, மழைநீர் சேகரிப்பு, பல் முகாம், பம்புக்குச் சிவப்பு அடையாளம், சத்துணவு, தொடர் கண்காணிப்பு, மேலும் ஆய்வு.

பழைய_ஃபைல்
ஒவ்வொன்றையும் எடுத்து, குறிப்பை வாங்கப் போகிறவர் வேறு யாரையும் கேட்காமல் இந்த மாதமே உத்தரவு போட முடியுமா என்று பாருங்கள். காவிரி இணைப்புக்கு வாரியம், நிதி, மதிப்பீடு எல்லாம் வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு மின்சாரமும் பராமரிப்பும் யார் தருவது? "மேலும் ஆய்வு" என்பது உங்களுக்கான பரிந்துரை, அவருக்கானது இல்லை. மிஞ்சுவது சிவப்பு அடையாளம். அதற்குக் கலெக்டர்கூட வேண்டாம், ஒன்றியத்தில் இரண்டு பி.டி.ஓ. இருக்கிறார்களே, அதில் கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவர் போதும். அவர் பெயரிட்டு, கலெக்டருக்கு நகல் அனுப்புங்கள்.

ஆற்காடு_அக்கா
ஃபைல் சொல்வது சரி, சொல்கிற விதம்தான் அப்படி. வங்கதேசத்தில் ஆர்செனிக் கிணறுகளுக்குச் சிவப்பும் பச்சையும் அடித்தார்கள், முன்மாதிரி உண்டு. தொடக்கம் இப்படி இருக்கட்டும்:

"இந்த ஒன்றியத்தில் ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய 17 அடிபம்புகளுக்கு, வரும் கிராம சபைக்குள் சிவப்பு வண்ணம் அடித்து, 'குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம்' என எழுதி, பக்கத்தில் உள்ள பாதுகாப்பான பம்பையும் அதிலேயே குறிக்க வேண்டும். பிடியைக் கழற்ற வேண்டாம், துணி துவைக்கத் தேவைப்படும். செலவை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து செய்யலாம்."

அதற்குக் கீழே 10-ல் 6 பிள்ளை. அப்புறம் வரம்புகள். பல் கறை சின்ன வயதில், பல் உருவாகும்போதே விழுவது. இன்று வண்ணம் அடித்தாலும் இருக்கிற கறை போகாது, அதை மறைக்காதீர்கள். அந்த வயதில் பிள்ளை எந்தத் தண்ணீர் குடித்தது என்பதும் உங்கள் ஆய்வில் இருக்காது. மாதிரி எந்த மாதம் எடுத்தீர்கள்?

காட்பாடி_ஆய்வாளர்
மே மட்டும்.

ராணிப்பேட்டை_சிவா
பார்த்தீர்களா! மழைக்குப் பிறகு மாறும். முதலில் வாரிய ஆய்வகத்தில் மறுபரிசோதனை, அப்புறம்தான் வண்ணம்.

ஆற்காடு_அக்கா
அப்படி எழுதினால் வண்ணம் என்றைக்குமே வராது. மழைக்குப் பிறகு அளந்து 1.5-க்குக் கீழே வந்தால் பச்சை அடித்துக்கொள்ளலாம். அதை வரம்பு வரியில் ஒரு வாக்கியமாகச் சேருங்கள்.

பழைய_ஃபைல்
இந்த ஒன்றில் சிவா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1.6 வந்த பம்பும் 4 வந்த பம்பும் ஒன்றல்ல. நானாக இருந்தால் ஓரத்தில் நிற்பவற்றை மட்டும் மறுபடி அளப்பேன்.

ஆற்காடு_அக்கா
அப்போது பரிந்துரை இரண்டாகிவிடும், ஐயா.

ஆம்பூர்_பாஷா
தம்பியைக் காணோம். வெள்ளி போய் சனியும் முடிந்தது.

காட்பாடி_ஆய்வாளர்
கொடுத்துவிட்டேன். பி.டி.ஓ. முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு, "17 பம்பும் எந்தத் தெரு, பட்டியல் எங்கே?" என்றார். இணைக்கவில்லை. கட்டுரையில் ஊர்ப் பெயர்களை வெளியிட மாட்டோம் என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பட்டியலோடு திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். பம்பு இருக்கும் தெருவைச் சொன்னால் அது மீறலா?